ஈப்போவில் இருந்து அனிமேஷன், கேம் துறைக்குப் போகணுமா? வேலை எங்கே இருக்கு, போர்ட்ஃபோலியோவில் என்ன பார்க்கிறாங்க?

ஈப்போ, மேரு ராயாவில் 2017 ஜூன் மாதம் மேப்ஸ் எனப்படும் அனிமேஷன் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டபோது, பேராக்கில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இனி அனிமேஷன் படிச்சா ஊரிலேயே வேலை கிடைக்கும்." ஏறக்குறைய 52 கோடி ரிங்கிட் செலவில் கட்டப்பட்ட பூங்கா அது. போபோய்பாயும் ஸ்மர்ஃப்ஸும் ஒரே இடத்தில். ஆனால் 2020 ஜனவரியிலேயே அது மூடப்பட்டது.

பூங்கா ஏன் நஷ்டப்பட்டது என்பது தனிக் கதை. உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. அந்தப் பூங்கா நன்றாக ஓடியிருந்தாலும், ஓர் அனிமேட்டருக்கு அங்கே பெரிதாக வேலை இருந்திருக்காது. கேளிக்கைப் பூங்கா என்பது ஏற்கெனவே எங்கோ உருவாக்கப்பட்ட கதாபாத்திரங்களை உரிமம் வாங்கிப் பயன்படுத்தும் தொழில். டிக்கெட் விற்பவர், ராட்டினம் இயக்குபவர், பராமரிப்பு டெக்னீஷியன், மேடைக் கலைஞர் ஆகியோர்தான் அதற்குத் தேவை. படம் வரைகிறவரும், உருவத்தை நகர வைக்கிறவரும் வேறு ஊரில், ஒரு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருப்பார்கள். "அனிமேஷன்" என்ற பெயர்ப்பலகையையும் அனிமேஷன் வேலையையும் ஒன்றாக நினைத்துவிடுவது ஈப்போவில் மட்டும் நடக்கும் தவறு இல்லை. சில கல்லூரி விளம்பரங்களும் அதையேதான் செய்கின்றன.

அப்படியென்றால் வேலை உண்மையில் எங்கே இருக்கு, அதை எடுக்க என்ன காட்டணும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஸ்டூடியோக்கள் எங்கே, என்ன செய்கின்றன?

முதல் உண்மை: பெரும்பாலான ஸ்டூடியோக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றன. ஷா ஆலாம், சைபர்ஜெயா, கோலாலம்பூர், பூச்சோங். ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆனால் தினமும் போய்வர முடியாது. அதனால் வாடகையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கு கீழே வருகிறது.

இரண்டாவது உண்மையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நமக்குப் பெயர் தெரிந்த மலேசிய அனிமேஷன் எல்லாம் சொந்தக் கதாபாத்திரங்களைக் கொண்டவை. லெஸ் கொப்பாக்கின் உப்பின் & இப்பின் 2007-இல் வந்தது. அனிமோன்ஸ்தாவின் போபோய்பாய் 2011-இல், வாவ் அனிமேஷனின் ஏஜென் அலி 2016-இல். தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்ததால், "அனிமேஷன் வேலை" என்றாலே நம் மனதில் இந்த மாதிரி இடம்தான் வரும். ஆனால் இப்படிச் சொந்தத் தொடரை வைத்து ஓடும் ஸ்டூடியோக்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே ஆள் அவ்வளவாக மாறுவதும் இல்லை.

இதற்கு இணையாக இன்னொரு பெரிய பக்கம் இருக்கிறது. வெளிநாட்டு கேம் நிறுவனங்களுக்காகப் பொருள், கட்டடம், கதாபாத்திரம், அசைவு என்று துண்டு துண்டாகச் செய்து கொடுக்கும் சேவை ஸ்டூடியோக்கள். 2006-இல் தொடங்கிய லெமன் ஸ்கை இதற்கு நல்ல உதாரணம்; தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் போன்ற பெரிய கேம்களில் இங்குள்ளவர்களின் கைவேலை இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களே இங்கே கிளை திறந்ததும் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 செய்த லாரியன் நிறுவனத்துக்குக் கோலாலம்பூரில் ஸ்டூடியோ இருக்கிறது. சோனி, பண்டாய் நாம்கோ ஆகியவையும் மலேசியாவில் ஸ்டூடியோ அமைத்திருக்கின்றன.

சொந்த கேம் எழுதி வெளியிடும் உள்ளூர் நிறுவனங்கள்? இருக்கின்றன. மெட்ரோனோமிக்கின் நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ் 2020-இல் வந்தது, பேஷன் ரிபப்ளிக்கின் கிகாபாஷ் 2022-இல் வந்தது. ஆனால் பேஷன் ரிபப்ளிக்கே மற்றவர்களுக்காகக் கலை வேலை செய்து கொடுத்தபடிதான் தன் சொந்த கேமையும் செய்தது.

இது ஏன் உங்களுக்கு முக்கியம்? சேவை ஸ்டூடியோவுக்கு வரும் ஆர்டரில் டிசைன் முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். கேம் எப்படி விளையாடப்பட வேண்டும், எந்த மட்டம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் வெளிநாட்டில் உள்ள குழு தீர்மானித்துவிட்டது. இங்கே தேவைப்படுவது அந்தத் தீர்மானத்தைச் சரியாகச் செய்து முடிக்கும் கலைஞர்கள். ஆகவே "கேம் டிசைனர்" என்ற வேலைக்கு இங்கே இடம் ரொம்பக் குறைவு, "3டி ஆர்ட்டிஸ்ட்" வேலைக்கு இடம் கூடுதல். கல்லூரியின் விளம்பரத் தாளில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சாகியிருக்கும்.

"எனக்கு எல்லாம் தெரியும்" என்று காட்டினால் என்ன பிரச்சினை?

படிப்பு முடிந்த பலர் அனுப்பும் ஷோரீல் மூன்று நான்கு நிமிடம் ஓடும். அதில் ஒரு லோகோ சுற்றும், ஒரு கதாபாத்திரம் நடக்கும், ஒரு வீட்டின் உட்புறம் வரும், ஒரு குறும்படத் துண்டு வரும், கடைசியில் சில போஸ்டர்கள். கல்லூரிப் பாடத்திட்டம் இவையெல்லாவற்றையும் தொட்டுச் செல்வதால் ரீலும் அப்படியே இருக்கும்.

ஸ்டூடியோவில் அதைப் பார்ப்பவர் ஒரு குறிப்பிட்ட நாற்காலிக்கு ஆள் தேடுகிறார். பொருள்கள் செய்ய ஒருவர், அல்லது அசைவு செய்ய ஒருவர். அவருக்கு உங்கள் ரீலில் அந்த ஒரு வேலை எவ்வளவு தூரம் முடிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும். முதல் பத்து விநாடியில் நல்லது எதுவும் கண்ணில் படாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அதனால் ஒரு நிமிடத்துக்குள், ஒரே துறையில், உங்களின் மிகச் சிறந்த வேலை முதலில் வருமாறு அடுக்குங்கள். பலவீனமான ஒன்று இருந்தால் எடுத்துவிடுங்கள், "இது கூடவா இவருக்குச் சரியாகத் தெரிந்தது?" என்ற சந்தேகம் வந்தால் நல்ல வேலைக்கும் சேர்த்துப் பாதிப்பு.

குழு வேலையாக இருந்தால் அதில் உங்கள் பங்கு எது என்று திரையிலேயே எழுதுங்கள். அதே குறும்படம் ஐந்து பேரின் ரீலில், ஐந்து பேரும் எல்லாம் செய்தது போல வந்தால், ஐவருமே நம்பிக்கை இழக்கிறார்கள். இந்தத் துறை சின்னது. அந்த ஐந்து ரீலும் ஒரே மேசைக்குத்தான் வரும்.

ஒரு பொருளை எடுத்துச் செய்து பார்ப்போம்: காண்டா வாளி

பேச்சாகச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது. ஆகவே கேம் பொருள் செய்யும் வேலைக்கு ஒரு போர்ட்ஃபோலியோ துண்டை ஆரம்பத்திலிருந்து பார்க்கலாம். பொருளுக்காக எங்கும் அலைய வேண்டாம். சுங்கை சிப்புட், செம்மோர், கோலா கங்சார் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால், தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய கதை கேட்டிருப்பீர்கள். காண்டாக் கம்பு, இரண்டு வாளி, மங்கு, பால் வெட்டும் கத்தி. நமக்குச் சாதாரணம். ஆனால் ஆர்ட்ஸ்டேஷன் முழுக்க ஆயிரம் பேர் செய்த அதே வாளையும் அதே துப்பாக்கியையும் பார்த்துச் சலித்த ஒருவருக்கு இது புதுசு. இதில் இன்னொரு லாபமும் இருக்கு: எங்கே தேயும், எங்கே கறைபடும் என்று கேட்க உங்களுக்கு வீட்டிலேயே ஆள் உண்டு.

முதல் வேலை கணினியைத் திறக்காமல் செய்வது. பழைய வாளி கிடைத்தால் உயரம், வாய் அகலம், கைப்பிடிக் கம்பியின் தடிமன் ஆகியவற்றை அளந்து எழுதுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். பால்மரத்தையும் படம் எடுப்பதாக இருந்தால், வெட்டு எந்தப் பக்கம் சரிகிறது என்று கவனியுங்கள். வழக்கமாக இடது பக்கம் உயர்ந்து வலது பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில் போகும். அதன் முடிவில் ஒரு சிறு தகரம், அதற்குக் கீழே மங்கு. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டால் ஸ்டூடியோக்காரருக்குத் தெரியாமல் போகலாம். உங்கள் பாட்டி பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

அடுத்து பிளெண்டரில் வெறும் உருளைகளாக அடிப்படை வடிவம். பிளெண்டர் இலவசம், ஆரம்பத்துக்கு அது போதும். பக்கத்தில் 1.7 மீட்டர் உயர மனித உருவம் ஒன்றை நிறுத்துங்கள். புதியவர்களின் பொருள்களில் அடிக்கடி காணும் தவறு அளவுதான்: வாளி இடுப்பு வரை வரும், கம்பு தென்னை மரம் போல இருக்கும். மனித உருவம் பக்கத்தில் இருந்தால் அது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஒரே பொருளை இரண்டு முறை செய்ய வேண்டும். ஒன்று, நசுங்கல், விளிம்பு வளைவு, மரத்தின் நார் எல்லாம் உள்ள அடர்த்தியான வடிவம். லட்சக்கணக்கான முக்கோணங்கள் இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, கேமில் உண்மையில் ஓடப்போகும் எளிய வடிவம். வாளி, கம்பு, மங்கு எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் முக்கோண அளவில் முடிக்கலாம். முக்கோணத்தை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். வாளியின் வாய் வட்டம் திரையில் வெளிக்கோடாகத் தெரியும், அங்கே கூடுதலாகப் போடலாம். அடிப்பாகத்துத் தட்டையில் போட்டால் வீண்.

அடர்த்தியான வடிவத்தில் உள்ள நுணுக்கத்தை எளிய வடிவத்தின் மேல் ஒரு படமாகப் பதிய வைப்பதற்கு "பேக்கிங்" என்று பெயர். கிடைக்கும் படம் நார்மல் மேப். பெரும்பாலானோர் தடுக்கி விழுவது இங்கேதான். இரண்டு தவறு மட்டும் சொல்கிறேன், இரண்டையும் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

ஒன்று: வாளியில் நசுங்கல் செய்தீர்கள், ஆனால் கேம் எஞ்சினில் அது வீங்கிய மேடாகத் தெரிகிறது. நார்மல் மேப்பின் பச்சை அலைவரிசை தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம். பிளெண்டரும் யூனிட்டியும் ஓபன்ஜிஎல் முறையைப் பின்பற்றுகின்றன, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறையை. ஒன்றுக்குச் செய்ததை மற்றதில் அப்படியே போட்டால் குழி மேடாகும். ஏற்றுமதியில் முறையை மாற்றினால் அல்லது பச்சையைத் திருப்பினால் சரியாகிவிடும். தெரிந்தால் ஒரு நிமிட வேலை. தெரியாவிட்டால் ரீல் முழுக்க அந்தக் குழப்பம் தெரியும்.

இரண்டு: விளிம்பை ஒட்டி ஒரு கறுப்புக் கோடோ விசித்திரமான நிழலோ ஓடுகிறது. கூர்மையாக வைத்த விளிம்பில் யூவியைப் பிரிக்காமல் விட்டால் இப்படி வரும். வாளியின் பக்கச் சுவரும் அடித்தட்டும் சேரும் இடத்தில் வெட்டிப் பிரித்து, இரண்டு துண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டால் போய்விடும்.

வண்ணம் தீட்டும் கட்டத்தில்தான் உங்கள் தோட்டத்து அறிவு வேலைக்கு வரும். புதியவர் பொதுவாக மென்பொருளில் உள்ள "துரு" பட்டனை அழுத்தி, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துருவைத் தூவிவிடுவார். உண்மையான வாளியில் அப்படி இருக்காது. கம்பு தோளில் உட்காரும் நடுப்பகுதி வழுவழுப்பாக, கறுத்து, வியர்வை ஏறி இருக்கும். வாளிக் கம்பி தொங்கும் இரண்டு முனையிலும் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். வாளியின் வாயோரம் பால் வழிந்து காய்ந்து, வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, பழுப்பாகி, அடுக்கு அடுக்காக ஒட்டியிருக்கும். மங்கின் அடியில் ஒட்டுப்பால். இப்படி ஒவ்வொரு தேய்மானத்துக்கும் ஒரு காரணம் இருந்தால், பார்ப்பவருக்கு நீங்கள் சொல்லாமலே புரியும்.

இதில் ஒரு தொழில்நுட்ப நுணுக்கம். இன்றைய கேம்களில் ஒவ்வோர் இடமும் உலோகமா இல்லையா என்று சொல்ல ஒரு தனி மேப் இருக்கும்: உலோகம் 1, மற்றதெல்லாம் 0. வாளி உலோகம், சரி. ஆனால் அதன் மேல் உள்ள துரு உலோகம் போல நடந்துகொள்ளாது, காய்ந்த பாலும் அப்படித்தான். இரண்டுக்கும் 0 கொடுக்க வேண்டும். வாளி முழுக்க 1 என்று விட்டுவிட்டால் காய்ந்த பால் வெள்ளித்தாள் போல மின்னும். ஸ்டூடியோவில் உள்ளவர் அதை அரை விநாடியில் பிடித்துவிடுவார்.

கடைசியாக, காட்டும் விதம். முடிந்த படம் ஒன்று பெரிதாக. அடுத்து அதே கோணத்தில் கம்பிச்சட்டம், முக்கோண எண்ணிக்கை, டெக்ஸ்சர் அளவு (2048 இதற்குத் தாராளம்), யூவி விரிப்பு. எளிய வெளிச்சம், சாம்பல் பின்னணி. புகையும் லென்ஸ் வெளிச்சமும் போட்டு மறைத்தால், எதை மறைக்கிறாய் என்ற கேள்விதான் வரும். முதல் முறை செய்பவருக்கு, வேலை முடிந்த பிறகு மாலை நேரத்தில் செய்தால், இந்த ஒரு துண்டுக்கே சில வாரங்கள் போகலாம். அதே தரத்தில் மூன்று நான்கு துண்டு இருந்தால் விண்ணப்பிக்கத் தொடங்கலாம்.

மற்ற துறைகளுக்கு?

அனிமேட்டராக ஆக வேண்டுமென்றால் மாடலை நீங்கள் செய்யத் தேவையில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரிக் போதும். எல்லா ஸ்டூடியோவும் அதை ஏற்றுக்கொள்ளும். அவர்கள் பார்ப்பது எடை. ஒருவர் நிறைந்த காண்டாவைத் தோளில் ஏற்றி எழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: எழுவதற்கு முன் இடுப்பு கொஞ்சம் கீழே போக வேண்டும், பாரம் ஏறும் கணத்தில் தோள் அமுங்க வேண்டும், வாளி உடம்புக்குச் சில பிரேம் பின்னால் ஆட வேண்டும். விநாடிக்கு 24 பிரேம் கணக்கில் ஐந்து விநாடி. இதைச் சரியாகச் செய்தவருக்கு, இரண்டு நிமிடச் சண்டைக் காட்சியைச் சுமாராகச் செய்தவரைவிட அழைப்பு முதலில் வரும். உங்களையே கைபேசியில் படம்பிடித்துப் பார்த்துச் செய்யுங்கள், அது ஏமாற்று இல்லை.

விஷுவல் எஃபெக்ட்ஸில் ஆரம்ப நாற்காலி பெரும்பாலும் ரோட்டோ, பெயிண்ட், மேட்ச்மூவ். நடிகரின் வெளிக்கோட்டைப் பிரேம் பிரேமாக வெட்டுவது, கயிற்றை அழிப்பது, கேமரா அசைவைக் கணக்கிடுவது. வெடிப்பும் டிராகனும் பிறகுதான். இந்த ஆரம்ப வேலைகளில் பெரும்பங்கு சென்னை, ஹைதராபாத், மும்பை போன்ற இந்திய நகரங்களுக்குப் போகிறது. அதனால் இந்த வாசல் வழியாக மலேசியாவில் நுழைவது கேம் கலையைவிடக் கடினம்.

கேம் டிசைன்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் நூறு பக்க ஆவணம் எழுதி அனுப்பாதீர்கள், யாரும் படிக்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் விளையாடக்கூடிய ஒரு சின்ன கேமை itch.io-வில் போட்டு, இணைப்பை அனுப்புங்கள். கூடவே, பத்துப் பேர் விளையாடிப் பார்த்தபோது எங்கே மாட்டிக்கொண்டார்கள், அதற்காக எதை மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம். ஆண்டுதோறும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் வழக்கமாக 48 மணி நேரத்தில் ஒரு கேம் செய்கிறார்கள். முதல் கேமுக்கு அது ஒரு நல்ல சாக்கு.

சம்பளக் கணக்கு

ரீல் பிடித்திருந்தால் பல இடங்களில் ஆர்ட் டெஸ்ட் தருவார்கள். சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை, பெரும்பாலும் ஊதியம் இல்லாமல். கேட்கப்படும் பொருள் ஒரு பயிற்சிப் பொருளாக இருந்தால் சரி. முழுக் கட்டடம், முழுக் கதாபாத்திரம் என்று நீண்டுகொண்டே போனால், இதை எதற்குப் பயன்படுத்துவீர்கள், என் போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்று எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். உங்களுக்கு 2,500 ரிங்கிட் தருவதாகச் சொல்கிறார்கள் என்று ஓர் உதாரணம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 275 ரிங்கிட் போகும். சொக்சோ, வேலைக் காப்புறுதிக்கு இன்னும் கொஞ்சம். கையில் ஏறக்குறைய 2,200. இதில் அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, வீட்டுக்கு அனுப்புவது, படிப்புக் கடன் எல்லாம் அடங்க வேண்டும். அதே சம்பளம் ஈப்போவில் பெற்றோர் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு வேறு, சைபர்ஜெயாவில் அறை எடுத்திருப்பவருக்கு வேறு.

இப்போது அதிக நேர வேலை. கெடு நெருங்கும் வாரங்களில் இரவு பத்து மணி வரை உட்கார வைப்பது இந்தத் துறையில் புதிதில்லை. 2023 ஜனவரி முதல் சட்டப்படி வார வேலை நேரம் அதிகபட்சம் 45 மணி. மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு அதற்கு மேல் செய்யும் ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு ஊதியம் உண்டு. கணக்கு இப்படி: 2,500-ஐ 26 நாளால் வகுத்தால் 96.15, அதை 8 மணியால் வகுத்தால் 12.02; ஒன்றரை மடங்கு 18.03 ரிங்கிட். மாதம் 20 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் ஏறக்குறைய 360 ரிங்கிட் உங்களுக்குச் சேர வேண்டும். "நம்ம துறையில் ஓவர்டைம் கிடையாது, இது கலை" என்று யாராவது சொன்னால், சட்டத்தில் கலைக்கு அப்படி ஒரு விலக்கு இல்லை. 4,000-க்கு மேல் வாங்குபவருக்குத்தான் இந்தக் கூடுதல் ஊதிய விதி பொருந்தாது.

வேலையை "ஃப்ரீலான்ஸ்" என்று பெயர் வைத்துக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கொடுத்தால் சேமநிதி இல்லை, சொக்சோ இல்லை, மருத்துவ விடுப்பு இல்லை. ஆனால் தினமும் அவர்களின் அலுவலகம், அவர்களின் கணினி, அவர்கள் சொல்லும் நேரம் என்று இருந்தால், பெயர் என்னவாக இருந்தாலும் உங்களை ஊழியராகக் கருத வேலைவாய்ப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. தகராறு வந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வருகைப் பதிவும் வாட்ஸ்அப் செய்திகளும் அப்போது உதவும், அழித்துவிடாதீர்கள்.

பலரும் கவனிக்காத இன்னொன்று இரகசியக் காப்பு ஒப்பந்தம். சேவை ஸ்டூடியோவில் நீங்கள் செய்வதை அந்த கேம் வெளிவரும் வரை யாருக்கும் காட்ட முடியாது. பெரிய கேம்கள் வருவதற்கு மூன்று நான்கு ஆண்டு ஆகும், சில ரத்தாகியும் விடும். இரண்டு ஆண்டு இராப் பகலாக உழைத்த பிறகும் உங்கள் போர்ட்ஃபோலியோவில் கல்லூரி வேலை மட்டும்தான் இருக்கிறது என்ற நிலை வரலாம். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு கேள்வி: வெளியான பிறகு என் வேலையைக் காட்டலாமா? இறுதிப் பெயர்ப் பட்டியலில் என் பெயர் வருமா, அல்லது ஸ்டூடியோ பெயர் மட்டும்தானா?

ஆஸ்கார் வாங்கியும் மூடப்பட்ட கதை

ரிதம் & ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கோலாலம்பூர் வட்டாரத்திலும் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தது. புதுச்சேரியில் ஒரு பகுதி படமாக்கப்பட்ட லைஃப் ஆஃப் பை படத்தின் புலியைச் செய்தது அந்த நிறுவனம்தான். 2013 பிப்ரவரியில் அது திவால் பாதுகாப்பு கோரி மனு செய்தது. அதே மாதக் கடைசியில் அந்தப் புலிக்காகச் சிறந்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார் கிடைத்தது. விழா அரங்கத்துக்கு வெளியே எஃபெக்ட்ஸ் கலைஞர்கள் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

திறமையில் குறை இல்லை, பிறகு ஏன்? எஃபெக்ட்ஸ் வேலை பெரும்பாலும் முன்கூட்டியே பேசி முடித்த நிலையான விலைக்கு எடுக்கப்படுகிறது. இயக்குநர் பத்து முறை மாற்றச் சொன்னாலும், படம் தள்ளிப்போனாலும், அந்தக் கூடுதல் செலவு ஸ்டூடியோ தலையில் விழும். இடையில் ஒரு படம் ரத்தானால் சம்பளம் கொடுக்கவே காசு இருக்காது. 2025 பிப்ரவரியில் எம்.பி.சி., தி மில் ஆகியவற்றின் தாய் நிறுவனமான டெக்னிகலர் சரிந்தபோதும் இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் திடீரென வேலை இழந்தார்கள்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். இப்போது எத்தனை பிராஜெக்ட் ஓடுகிறது, என் ஒப்பந்தம் பிராஜெக்ட் முடிவோடு முடிகிறதா, போன வருஷம் சேர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா? பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

படிப்புக்குக் கடன் எடுக்கும் முன்

எஸ்.பி.எம். முடித்தவுடன் ஒரு கல்லூரியில் பதியச் சொல்லி வீட்டுக்கே வந்து பேசுவார்கள். அந்த நேரத்தில் மூன்று வேலை செய்யுங்கள். அந்தக் குறிப்பிட்ட படிப்பு எம்.கியூ.ஆர். எனப்படும் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பெயர் போட்டுப் பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்குப் பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது. கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கு என்பதும் இந்தப் படிப்புக்கு இருக்கு என்பதும் வேறு வேறு.

அடுத்து, போன ஆண்டு முடித்த மாணவர்களின் ரீலைக் காட்டச் சொல்லுங்கள். சிறந்த ஒருவருடையது வேண்டாம், ஒரு வகுப்பு முழுவதும். காண்டா வாளியில் பார்த்த அதே தவறுகளைத் தேடுங்கள்: குழி மேடாக இருக்கிறதா, எல்லாப் பொருளிலும் ஒரே துருவா, ஒரே குழு வேலை எத்தனை ரீலில் வருகிறது? கடைசியாக, பாடம் நடத்துபவர்களில் யார் ஸ்டூடியோவில் வேலை செய்திருக்கிறார்கள், எந்த ஆண்டு வரை?

வீட்டில் கடன் பேச்சு தொடங்குவதற்கு முன்பே இதற்கெல்லாம் பதில் வாங்கிவிடலாம். கூடவே அந்த விடுமுறையிலேயே பிளெண்டரை இறக்கி, வாளியின் அடிப்படை வடிவத்தைத் தொடங்கிப் பாருங்கள். மூன்று வாரம் கழித்து அதே வாளியின் வாயோரக் கறையைச் சரி செய்ய இன்னும் ஆசை இருந்தால், பதிவுப் பாரத்தைப் பூர்த்தி செய்வதைப் பற்றி அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பேசலாம். இரண்டாம் நாளே சலித்துவிட்டது என்றால், செலவானது இரண்டு நாள் மட்டுமே.